தரவு செவ்வன் பரம்பலில் இல்லை, மான்-விட்னி செய்தேன். மேற்பார்வையாளர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை

கிணற்றடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். தோட்டங்களுக்குள் இருக்கும் கிணறுகள் ஒரு தொகுதி, குடிமனைக்குள் இருக்கும் வீட்டுக் கிணறுகள் மற்றத் தொகுதி. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மொத்தம் 60 அளவீடுகள். SPSS-இல் ஷபிரோ-வில்க் சோதனை செய்தபோது p 0.001-ஐ விடக் குறைவு. செவ்வன் பரம்பல் இல்லை என்று விளங்கியது. ஆகவே t சோதனையை விட்டுவிட்டு மான்-விட்னி செய்தேன். p மிக மிகச் சிறிதாக, .000 என்று வந்தது. சந்தோஷமாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

மேற்பார்வையாளர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தச் சோதனை எதை எதோடு ஒப்பிட்டது?" நான் "இடையங்களை" என்றேன். அவர் தலையாட்டவில்லை. "அடுத்த கிழமை வந்து சொல்லுங்கோ" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். எங்கே பிழை விட்டேன்?

செம்மண்

நீங்கள் செய்தது சரிதான் தங்கச்சி. நானும் விவசாயபீடத்தில் படித்தபோது இதைத்தான் செய்தேன். விதி மிக இலகு: செவ்வன் என்றால் t சோதனை, இடையை ஒப்பிடும். செவ்வன் இல்லையென்றால் மான்-விட்னி, இடையத்தை ஒப்பிடும். தோட்டக் கிணற்றில் ஒன்றிரண்டு எக்கச்சக்கமாக உயர்ந்திருக்கும், வெங்காயத்துக்குப் பசளை போட்ட கையோடு எடுத்திருந்தால் இன்னும் உயரும். அந்த ஒன்றிரண்டு இடையை இழுத்துவிடும், இடையத்தை இழுக்காது. அதனால்தான் இந்தச் சோதனை. உங்கள் மேற்பார்வையாளர் p-ஐ .000 என்று எழுதியதைப் பிடிக்காமல் கேட்டிருப்பார். "0.001-ஐ விடக் குறைவு" என்று மாற்றி எழுதுங்கள், போதும்.

வெள்ளைப்பலகை

எனக்கும் இதே பிரச்சினைதான், இங்கேயே கேட்கிறேன். நான் ஆசிரியர், கல்வியியல் முதுமாணி செய்கிறேன். 42 மாணவருக்கு ஒரு புதிய கற்பித்தல் முறைக்கு முன் ஒரு பரீட்சை, பின் ஒரு பரீட்சை. புள்ளிகள் செவ்வனாக இல்லை. முன் புள்ளிகளை ஒரு தொகுதி, பின் புள்ளிகளை மற்றத் தொகுதி என்று போட்டு மான்-விட்னி செய்தேன். வித்தியாசம் இல்லை என்று வருகிறது. ஆனால் வகுப்பில் நின்று பார்த்தவள் நான். ஏறக்குறைய ஒவ்வொரு பிள்ளையும் சில புள்ளிகள் கூடுதலாக எடுத்திருக்கிறது. சோதனை எப்படி இல்லை என்கிறது?

எண்சுவடி

இரண்டு பேருடைய கேள்வியும் வேறுவேறு போலத் தெரிந்தாலும் அடியில் ஒன்றுதான். முதலில் கிணற்றடி. 60 அளவீடு என்றீர்கள். எத்தனை கிணறு? எத்தனை தரம் எடுத்தீர்கள்?

கிணற்றடி

15 கிணறு ஐயா. தோட்டத்தில் 8, குடிமனையில் 7. நான்கு மாதம், மாதம் ஒருமுறை.

எண்சுவடி

சரி, அங்கேதான் இருக்கிறது. செவ்வன் பரம்பல் பிரச்சினையை அப்புறம் பார்ப்போம்.

மான்-விட்னிக்கு செவ்வன் பரம்பல் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு அளவீடும் மற்றதைச் சாராமல் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது விட்டுக்கொடுக்கவே இல்லை. பரமானமற்ற சோதனை என்றால் நிபந்தனையே அற்ற சோதனை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே கிணற்றில் நான்கு மாதம் எடுத்த நான்கு அளவீடுகள் ஒன்றுக்கொன்று உறவு. உயர்ந்த கிணறு நான்கு மாதமும் ஏறத்தாழ உயர்ந்துதான் இருக்கும். ஆக உங்களிடம் 60 சாட்சிகள் இல்லை. 15 சாட்சிகளை நான்கு தரம் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள்.

இப்படிச் செய்வோம். ஒவ்வொரு கிணற்றுக்கும் நான்கு மாதத்து அளவுகளின் இடையத்தை எடுத்து, கிணற்றுக்கு ஒரு எண்ணாக 15 எண்களை இங்கே போடுங்கள். கையாலேயே செய்து பார்க்கலாம்.

கிணற்றடி

ஆய்வு இன்னும் முடியாததால் எண்களைச் சற்று மாற்றித் தருகிறேன், ஆனால் போக்கு இதேதான். ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம் நைத்திரேற்று என்ற கணக்கு.

தோட்டம்: 38, 44, 47, 52, 58, 66, 95, 182
குடிமனை: 12, 18, 21, 27, 33, 41, 49

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு 50. குடிமனைக் கிணறு ஒன்றும் அதைத் தாண்டவில்லை, தோட்டத்தில் ஐந்து தாண்டுகின்றன.

எண்சுவடி

நல்ல தரவு. சமமான எண்கள் இல்லாததால் கணக்கும் சுத்தமாக வரும்.

பதினைந்தையும் ஒரே வரிசையில் சிறிதிலிருந்து பெரிதுக்கு அடுக்குங்கள். 12-க்குத் தரம் 1, 18-க்கு 2, இப்படியே 182-க்குத் தரம் 15. குடிமனைக் கிணறுகளுக்கு விழும் தரங்கள் 1, 2, 3, 4, 5, 7, 10. கூட்டினால் 32. தோட்டத்துக்கு 6, 8, 9, 11, 12, 13, 14, 15. கூட்டினால் 88. இரண்டும் சேர்ந்து 120 வரவேண்டும், ஏனென்றால் 1-இலிருந்து 15 வரை கூட்டினால் 120. வருகிறது.

குடிமனையின் ஏழு கிணறுகளும் மிகச் சிறிய ஏழு இடங்களில் இருந்திருந்தால்கூட அவற்றின் தரக் கூட்டுத்தொகை 28 வந்திருக்கும். 32-இலிருந்து அந்த 28-ஐக் கழித்தால் 4. இதுதான் U. இந்த 4-க்கு ஒரு நேரடியான பொருள் உண்டு. ஒவ்வொரு தோட்டக் கிணற்றையும் ஒவ்வொரு குடிமனைக் கிணற்றோடு நேருக்கு நேர் நிறுத்தினால் 8 தர 7, 56 சோடிகள். அவற்றில் குடிமனைக் கிணறு வென்ற சோடிகள் நான்கே நான்கு: 41 வென்றது 38-ஐ, 49 வென்றது 38-ஐயும் 44-ஐயும் 47-ஐயும். மிச்சம் 52 சோடியில் தோட்டக் கிணறுதான் உயர்வு.

உங்கள் மேற்பார்வையாளரின் கேள்விக்குப் பதில் இதுதான். இந்தச் சோதனை சோடிகளை ஒப்பிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் ஒரு கிணறும் குடிமனையில் ஒரு கிணறும் எடுத்தால், தோட்டக் கிணறு உயர்வாக இருக்கும் வாய்ப்பு 52/56, அதாவது ஏறத்தாழ 93 சதவீதம். p-ஐ விட இந்த எண் வாசிப்பவருக்கு அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. ஆய்வேட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

கிணற்றடி

U-ஐ இப்படி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அட்டவணையைப் பார், 10 அல்லது அதற்குக் குறைவு என்றால் பொருளுள்ளது என்றுதான் படித்தோம். p எங்கிருந்து வருகிறது?

எண்சுவடி

அதையும் எண்ணியே காட்டலாம். தோட்டம், குடிமனை என்ற வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 15 தரங்களில் எந்த ஏழு குடிமனைக்கு விழுந்தாலும் ஒன்றுதான். 15-இல் 7-ஐத் தெரிவுசெய்யும் வழிகள் 6435. அவற்றில் U 0 வருவது ஒரு வழி, 1 வருவது ஒரு வழி, 2 வருவது 2, 3 வருவது 3, 4 வருவது 5. மொத்தம் 12 வழி. வித்தியாசம் எதிர்த் திசையிலும் வந்திருக்கலாம் என்பதால் இரட்டித்தால் 24. 24-ஐ 6435-ஆல் வகுத்தால் 0.0037. அவ்வளவுதான். மணி வடிவ வளைகோடு எங்கேயும் வரவில்லை, பாருங்கள்.

R-இல் இதே விடை:

```r
thottam <- c(38, 44, 47, 52, 58, 66, 95, 182)
veedu <- c(12, 18, 21, 27, 33, 41, 49)
wilcox.test(thottam, veedu, conf.int = TRUE)
```

R இதில் `W = 52` என்று காட்டும். SPSS அதே தரவுக்கு `Mann-Whitney U` 4 என்றும் `Wilcoxon W` 32 என்றும் காட்டும். மூன்றும் ஒரே கணக்கு. ஆனால் R-இன் W வேறு, SPSS-இன் W வேறு. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்போது விடை பிழைத்துவிட்டது என்று பதறிய மாணவரைக் கண்டிருக்கிறேன். SPSS-இல் `Asymp. Sig.` என்ற வரி 0.005 என்று காட்டும், அது அண்ணளவு. இவ்வளவு சிறிய மாதிரிக்கு அதன் கீழே இருக்கும் `Exact Sig.` வரியை எடுங்கள்.

செம்மண்

எல்லாம் சரி ஐயா, ஆனால் இடையத்தை ஒப்பிடுகிறது என்று நான் சொன்னதில் என்ன பிழை? எங்கள் கைந்நூலில் அப்படித்தான் இருந்தது. தோட்டத்து இடையம் 55, குடிமனை இடையம் 27. வித்தியாசம் 28. இதைத்தானே p சொல்கிறது?

எண்சுவடி

பாதி சரி. இரண்டு பரம்பலும் ஒரே உருவம், ஒன்று மற்றதைவிட வலப்பக்கம் தள்ளி நிற்கிறது என்ற நிலையில் நீங்கள் சொல்வது சரி. அப்போது இடையம் நகர்ந்த தூரமும் மற்ற எல்லாம் நகர்ந்த தூரமும் ஒன்றே. கைந்நூல் அந்த நிபந்தனையை விட்டுவிட்டுத் தந்திருக்கும்.

இங்கே அந்த நிலை இல்லை. குடிமனை 12-இலிருந்து 49 வரை நெருங்கி நிற்கிறது. தோட்டம் 38-இலிருந்து 182 வரை நீண்டு கிடக்கிறது. மேலே கொடுத்த கட்டளையில் `conf.int` என்று போட்டதற்குக் காரணம் இதுதான். அது 56 சோடிகளின் வித்தியாசங்களையும் எடுத்து அடுக்கி, அந்த வித்தியாசங்களின் இடையத்தைத் தரும். அது 30. இடையங்களின் வித்தியாசமோ 28. இரண்டும் வேறு. இந்தத் தரவில் இடைவெளி சிறிது, எல்லாத் தரவிலும் அப்படி இருக்காது. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 11 முதல் 68 வரை. எவ்வளவு அகலம் பாருங்கள். 15 கிணற்றிலிருந்து அவ்வளவுதான் சொல்லலாம், அதை மறைக்காமல் எழுதுவதுதான் நேர்மை.

விடுதிப்பக்கம்

மருத்துவப் பக்கத்திலிருந்து வருகிறேன். நோயாளி விடுதியில் தங்கிய நாட்களை வைத்து வேலை செய்பவன் என்பதால் இப்படி வாலுள்ள தரவு எனக்குப் பழக்கம். அந்த 182 பற்றி ஒன்று சொல்லவேண்டும்.

இதே 15 எண்களுக்கு, இரண்டு தொகுதிக்கும் மாறல்திறன் சமம் என்று கொள்ளாத வெல்ச் t சோதனை செய்து பார்த்தேன். t 2.51, p ஏறத்தாழ 0.04. பிறகு 182-ஐ 1820 என்று மாற்றிப் பார்த்தேன், தட்டச்சில் ஒரு பூச்சியம் கூடிவிட்டால் நடப்பதுபோல. தோட்டத்து இடை 72.75-இலிருந்து 277.5-க்குப் பாய்ந்தது. வித்தியாசம் பெருகியிருக்கிறதே, t கூடியிருக்கவேண்டும் அல்லவா? 1.13-க்கு இறங்கிவிட்டது. அந்த ஒரு எண் இடையை இழுத்ததைவிட நியமவிலகலை இன்னும் பலமாக ஊதிவிட்டது. பொருளுள்ள வித்தியாசம் காணாமல் போனது. மான்-விட்னியில் U அதே 4. 182-உம் 1820-உம் இரண்டுமே தரம் 15 என்பதால்.

அதே காரணத்தால் ஒரு ஆபத்தும் உண்டு. தட்டச்சுப் பிழை இருந்தாலும் தரம் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே வரைபை முதலில் பாருங்கள். 182 உண்மையான அளவா என்று ஆய்வுகூடக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

கிணற்றடி

ஓம், பார்த்தேன். நான்கு மாதமும் அந்தக் கிணறு 150-க்கு மேல்தான். வெங்காயத் தறைக்கு நடுவில் இருக்கும் ஆழம் குறைந்த கிணறு, பக்கத்திலேயே பசளை மூட்டை அடுக்கும் கொட்டில். கீழே சுண்ணக்கல், மேலே மெல்லிய செம்மண், போட்டது நேரே இறங்கும். அது உண்மையான எண்.

விடுதிப்பக்கம்

அப்படியென்றால் விலக்கவே கூடாது. இன்னொன்று: எண்சுவடி ஐயா மறுக்கக்கூடும், ஆனால் நான் மடக்கை எடுத்து t சோதனை செய்திருப்பேன். செறிவு அளவுகள் பெரும்பாலும் பெருக்கலாகக் கூடுபவை, மடக்கை எடுத்தால் வால் சுருங்கும். இந்தத் தோட்டத் தரவுக்கு ஷபிரோ-வில்க் W 0.72 வருகிறது, p 0.01-க்குக் கீழே. மடக்கை எடுத்தபின் W 0.87, p 0.1-க்கு மேலே. பெருக்கல் இடைகளை ஒப்பிட்டால் தோட்டக் கிணறு குடிமனைக் கிணற்றைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு என்று நேரே சொல்லலாம். "93 சதவீதச் சோடிகளில் வெல்கிறது" என்பதைவிட பிரதேச சபைக்கு இது விளங்கும்.

எண்சுவடி

மறுக்கவில்லை, பயமாக மட்டும் இருக்கிறது. எட்டு எண்ணுக்கு ஷபிரோ-வில்க் சோதனை பலம் குறைந்தது. p 0.1-க்கு மேலே வந்தது செவ்வன் என்பதற்கு ஆதாரம் ஆகாது, செவ்வன் இல்லை என்று காட்ட எண்கள் போதவில்லை என்றும் இருக்கலாம். மடக்கை எடுத்தபின்னும் அந்த 182 தனித்துத்தான் நிற்கிறது. மறுபக்கம், நைத்திரேற்றுக்கு மடக்கை பொருத்தம் என்பதைப் பாடத்தின் அறிவிலிருந்து சொன்னால் நான் ஏற்றுக்கொள்வேன். ஷபிரோ-வில்க் முடிவைப் பார்த்துத் தீர்மானித்தால் ஏற்கமாட்டேன். எந்தச் சோதனை என்பதைத் தரவு எடுக்கமுன் முடிவு செய்திருக்க வேண்டும்.

விடுதிப்பக்கம்

அதில் உடன்பாடு. மடக்கையா தரமா என்பதில் நான் என் பக்கம்தான் நிற்கிறேன்.

வெள்ளைப்பலகை

என் கேள்வியை மறந்துவிட்டீர்கள்.

எண்சுவடி

மறக்கவில்லை மிஸ், காத்திருந்தேன். கிணற்றடி உறவுள்ள அளவீடுகளை உறவில்லாதவை என்று வைத்ததால் p பொய்யாகச் சிறுத்தது. நீங்களும் அதையேதான் செய்தீர்கள், உங்களுக்கு அது மற்றப் பக்கம் விழுந்தது.

80 புள்ளி எடுக்கும் பிள்ளையும் 30 எடுக்கும் பிள்ளையும் வகுப்பில் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பிள்ளை 50 புள்ளி இடைவெளி. அதற்குள் ஒவ்வொருவரும் 4 புள்ளி கூடியது மூழ்கிப்போய்விடுகிறது, ஏனென்றால் மான்-விட்னிக்கு எந்த முன் புள்ளி எந்தப் பின் புள்ளியின் சொந்தக்காரர் என்று தெரியாது. நீங்கள் செய்யவேண்டியது வில்கொக்சன் குறியிட்ட தரச் சோதனை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பின் புள்ளியிலிருந்து முன் புள்ளியைக் கழியுங்கள். குறியை விட்டுவிட்டு வித்தியாசத்தின் பருமனைத் தரப்படுத்துங்கள். பிறகு கூடியவர்களின் தரங்களைத் தனியாகவும் குறைந்தவர்களின் தரங்களைத் தனியாகவும் கூட்டுங்கள். கட்டளையில் `paired = TRUE`. செவ்வனா என்று பார்ப்பதென்றாலும் வித்தியாசங்களில்தான் பார்க்கவேண்டும், புள்ளிகளில் அல்ல.

வெள்ளைப்பலகை

பிள்ளைகளின் சுட்டெண் தாளில் இருக்கிறது, சோடி சேர்க்கலாம். செய்து பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் ஐயா, நீங்கள் சொல்லும் வில்கொக்சனும் SPSS மான்-விட்னியோடு காட்டும் வில்கொக்சனும் ஒன்றா?

எண்சுவடி

ஒரே மனிதர், வேறு சோதனை. பிராங்க் வில்கொக்சன் ஒரு இரசாயனவியலாளர். 1945-இல் ஒரே சிறிய கட்டுரையில் இரண்டையும் தந்தார்: சோடி இல்லாத தரவுக்குத் தரக் கூட்டுத்தொகை, சோடியுள்ள தரவுக்குக் குறியிட்ட தரம். மானும் விட்னியும் 1947-இல் முதலாவதை U வடிவில் விரிவாக்கினார்கள். அதனால்தான் R இரண்டுக்கும் `wilcox.test` என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறது.

கிணற்றடி

என் பழைய விடையைத் திரும்பப் பார்த்தேன். 60 எண்களோடு வந்த p, 15 எண்களோடு வரும் 0.0037-ஐ விடப் பல மடங்கு சிறிது. இரண்டிலும் முடிவு ஒன்றே, வித்தியாசம் இருக்கிறது. பிறகேன் இவ்வளவு கவலை?

எண்சுவடி

இப்படிப் பரிசோதியுங்கள். மேலே உள்ள 15 எண்களையும் நான்கு முறை நகலெடுத்து 60 ஆக்குங்கள். கிணறு ஒன்றும் புதிதாகத் தோண்டவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் புதிதாக அளக்கவில்லை. சோடிகளில் வெல்லும் வீதம் அதே 93. ஆனால் p 0.0037-இலிருந்து பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவுக்கு விழும். உங்கள் தரவில் உண்மை பெரிதாக இருந்ததால் தப்பிவிட்டீர்கள். வித்தியாசம் மங்கலாக இருந்திருந்தால், 15-இல் இல்லாத ஒன்று 60-இல் இருப்பதாகத் தெரிந்திருக்கும்.

கிணற்றடி

செய்து பார்த்தேன். அப்படியே விழுந்தது. நேற்று மேற்பார்வையாளரிடம் போய் 56 சோடிகளையும் தாளில் எழுதிக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இனி மாதங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார். நான்கு மாதத்துக்கு இடையில் மாற்றம் உண்டா என்று பார்க்க குறுஸ்கல்-வொலிஸ் போடலாமா?

எண்சுவடி

போடவேண்டாம், அதே பொறி. நான்கு மாதமும் அதே கிணறுகள். பிரீட்மன் சோதனைதான். ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் நான்கு மாதத்தை 1 முதல் 4 வரை தரப்படுத்தும், கிணற்றைக் கிணற்றோடு ஒப்பிடாது.

கிணற்றடி

ஒரு சிக்கல். நான்காம் மாதம் ஒரு குடிமனைக் கிணற்றில் எடுக்கமுடியவில்லை, வீட்டுக்காரர் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போயிருந்தார். 59 எண்கள்தான் உண்மையில் உண்டு, 60 என்று சுருக்கிச் சொல்லிவிட்டேன். கிணற்றின் இடையம் மூன்று மாதத்தில் எடுத்தேன். பிரீட்மன் அந்தக் கிணற்றை முழுவதுமாக விட்டுவிடுகிறது.

செம்மண்

அந்த மாதத்துக்கு மற்றக் கிணறுகளின் இடையத்தைப் போட்டு நிரப்பிவிடுங்கள்.

எண்சுவடி

வேண்டாம். அளக்காத தண்ணீருக்கு எண் எழுதக்கூடாது. அந்த ஒரு சோதனையை 14 கிணறுகளோடு செய்து, 14 என்றும் ஏன் என்றும் எழுதுங்கள்.

விடுதிப்பக்கம்

ஒரு பூட்டிய கதவுக்காக மூன்று மாதத்து நல்ல அளவீடுகளைத் தூக்கி எறிவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கிணற்றை எழுமாற்று விளைவாக வைத்து மடக்கையில் கலப்பு மாதிரியுரு போட்டால் 59-உம் பயன்படும், தோட்டம், குடிமனை, மாதம் மூன்றும் ஒரே இடத்தில் வரும்.

எண்சுவடி

15 கிணற்றில் அந்த மாதிரியுரு நிற்குமா என்பதில் எனக்குச் சந்தேகம். கிணற்றடி, இரண்டையும் செய்து எச்சங்களின் வரைபை இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுக் கதைப்போம்.

கிணற்றடி

சனிக்கிழமை போடுகிறேன். அந்த வீட்டுக்காரர் வந்துவிட்டாராம், இன்று பின்னேரம் போத்தலோடு போகிறேன். நான்காம் மாதத்துக்கு இனிச் சேர்க்கமுடியாது, ஐந்தாம் மாதத்துக்காவது 15-உம் இருக்கட்டும்.